வாப்பாவின் மூக்குக் குழாயும் மாமாவின் வெள்ளைப் பையும்



இந்தச் சில மாதங்களில் நம்ம கொலன்னாவையில் மூன்று வீட்டுக்காரர்கள் எங்களிடம் ஒரே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். "மூக்கால டியூப் போட்டுத்தான் சாப்பாடு குடுக்கணும் எண்டு டொக்டர் சொல்றார். பாக்கவே பாவமா இருக்கு. அதுக்குப் பதிலா சேலைன்ல சத்து ஏத்த ஏலாதா?" மூன்று பேருக்கும் போனில் அரைகுறையாகப் பதில் சொன்னோம். அதை ஒழுங்காக எழுதிவிடுவோம் என்றுதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள். நாங்கள் வைத்தியர்கள் இல்லை. எங்களுக்குத் தெரிந்தது பாடசாலையில் படிப்பிக்கிற விஞ்ஞானமும், இரண்டு கட்டில்களுக்குப் பக்கத்தில் இருந்து பழகியதும்தான்.

முதல் கட்டில் மாமாவுடையது. உம்மாவின் தம்பி. போன வருடம் குடல் அடைத்து, ஒரு வாரமாக வாந்தி, பிறகு சத்திரசிகிச்சை. குடலில் ஒரு துண்டை வெட்டி இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்திருந்தார்கள். ஐந்தாம் நாள் அந்தத் தையல் கசியத் தொடங்கியது. அன்றிலிருந்து வாயால் ஒரு சொட்டுத் தண்ணீரும் இல்லை. பிறகு ஒருநாள் கழுத்துப் பக்கம் ஒரு பெரிய நாளத்தில் குழாய் வைத்து, பால் மாதிரி வெள்ளையான ஒரு பெரிய பையைத் தொங்கவிட்டார்கள்.

இரண்டாவது கட்டில் வாப்பாவுடையது. பக்கவாதம். வலது பக்கம் விழுந்ததோடு விழுங்குவதும் போய்விட்டது. ஒரு கரண்டி தண்ணீர் கொடுத்தால் இருமல் வந்து முகம் சிவக்கும். அவருக்கு மூக்கால் இரைப்பைக்குக் குழாய் போட்டார்கள். நாங்கள் வார்ட்டில் சண்டை பிடிக்காத குறை. "எங்கட மாமாக்கு நல்ல வெள்ளைப் பை போட்டாங்க, வாப்பாக்கு மட்டும் ஏன் இந்த டியூப்?" என்று ராத்தா கேட்டதற்கு வைத்தியர் கேட்ட பதில் கேள்வி இதுதான்: "உங்க வாப்பாட குடலுக்கு என்ன நோய்?"

ஒரு நோயும் இல்லை. விழுங்கும் பாதை மட்டும்தான் பழுது. இரைப்பை, சிறுகுடல் எல்லாம் முன்பு போலவே வேலை செய்கின்றன. அப்படியானால் பழுதான இடத்தைத் தாண்டி இரைப்பையில் சாப்பாட்டைக் கொண்டுபோய் வைத்தால் போதும். மாமாவின் கதை நேர்மாறு. அவருக்கு வாயும் தொண்டையும் நல்லம், உள்ளே குடல் ஒழுகுகிறது. அங்கே எதை அனுப்பினாலும் வயிற்றுக்குள் கசியும். அதனால் குடலையே தவிர்த்து நேரடியாக இரத்தத்துக்குள் கொடுக்க வேண்டியிருந்தது. எது உயர்ந்தது, எது மலிவு என்ற கேள்வியே இல்லை. குடல் வேலை செய்கிறதா என்று பார்ப்பார்கள். செய்தால் குழாய். குடல் அடைத்திருந்தால், கசிந்தால், சத்தை உறிஞ்ச முடியாத அளவுக்கு வெட்டிக் குறைந்திருந்தால் நாளம்.

குடல் வேலை செய்யும்போது அதைச் சும்மா விடக் கூடாது என்பதற்கும் காரணம் இருக்கிறது. குடலின் உள்தோலுக்கு அதற்குள் வரும் சாப்பாடும் ஒரு உணவு. நாட்கணக்கில் ஒன்றும் வராவிட்டால் அந்தத் தோல் மெலிந்து, உள்ளே இருக்கிற பக்டீரியாவைத் தடுக்கும் வேலியும் பலவீனமாகிறது. பித்தப்பையும் சுருங்காமல் தேங்குகிறது.

இனி அந்த "சேலைன்ல சத்து" கணக்கு. இதை வகுப்பில் கரும்பலகையில் போடுவது மாதிரியே போட்டுப் பார்ப்போம். சாதாரண சேலைனில் உப்பும் தண்ணீரும் மட்டும்தான், சத்து என்று ஒரு கலோரியும் இல்லை. குளுக்கோஸ் சேலைன் 5 வீதம் என்றால் ஒரு லீற்றரில் 50 கிராம் குளுக்கோஸ். நாளத்தில் ஏற்றும் குளுக்கோஸ் ஒரு கிராமுக்கு 3.4 கலோரி. அப்படியென்றால் ஒரு லீற்றர் போத்தலுக்கு 170 கலோரி. வாப்பாவின் நிறை 56 கிலோ. அவருக்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1500 கலோரி வேண்டும் என்று கணக்கிட்டிருந்தார்கள். அதைக் குளுக்கோஸ் சேலைனால் கொடுப்பதென்றால் கிட்டத்தட்ட 9 லீற்றர் ஏற்ற வேண்டும். மனிதன் தண்ணீரில் மூழ்கிவிடுவார். அதற்குப் பிறகும் புரதம் ஒரு கிராம் கூட இல்லை.

தண்ணீரைக் குறைத்து குளுக்கோஸைக் கெட்டியாக்கலாமே என்று கேட்பீர்கள். கெட்டியான கரைசலைக் கையிலுள்ள சின்ன நாளம் தாங்காது, வீங்கி எரிந்து அடைத்துவிடும். அதனால்தான் மாமாவுக்குக் கழுத்தில். அங்கே இரத்தம் வேகமாக ஓடுகிற பெரிய நாளத்தில் விழுந்தவுடனே அது ஐதாகிவிடுகிறது. 1960களில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஸ்டான்லி டட்ரிக் என்ற சத்திரசிகிச்சை வைத்தியர் இந்த வழியைப் பிடித்துத்தான் நாய்க்குட்டிகளை நாளத்தால் மட்டுமே உணவூட்டி வளர்த்துக் காட்டினார். பிறகு சிறுகுடல் பெரும்பகுதி இல்லாமல் பிறந்த ஒரு பிள்ளைக்கும் அப்படியே கொடுத்தார்கள், அது வளர்ந்தது. அந்த அறிக்கைகள் 1968இல் வெளிவந்தன. மாமாவின் பையில் இருந்தது அதன் பேரப்பிள்ளைதான்: குளுக்கோஸ், புரதத்தின் துண்டுகளான அமினோ அமிலங்கள், கொழுப்பு, உப்புகள், விற்றமின்கள். வெள்ளை நிறம் அந்தக் கொழுப்பால் வருவது. பெரும்பாலும் சோயா எண்ணெயை நுண்ணிய துளிகளாக்கிக் கலந்திருப்பார்கள். (உம்மா அதைப் பால் என்றே கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தா.)

அந்தப் பையைப் போட்ட முதல் நாள் எங்களுக்குக் கோபம். இரண்டு கிழமையாகப் பட்டினி கிடந்த மனிதனுக்கு மெதுவாக, கொஞ்சமாகத்தான் ஏற்றினார்கள். ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 கலோரி அளவில் தொடங்கி, நாள் நாளாகக் கூட்டினார்கள். தொடங்குவதற்கு முன் ஒரு விற்றமின் ஊசி, பிறகு தினமும் இரத்தப் பரிசோதனை. கஞ்சத்தனம் என்று நினைத்தோம். பிறகுதான் விளங்கியது. நீண்ட பட்டினியில் உடம்பு குளுக்கோஸை விட்டுவிட்டுக் கொழுப்பில் ஓடப் பழகுகிறது, உள்ளே பொஸ்பேற்று, பொட்டாசியம், மக்னீசியம் எல்லாம் வற்றிப்போயிருக்கும். திடீரென்று நிறையச் சத்து வந்தால் இன்சுலின் எழும்பி, இரத்தத்தில் மிச்சமிருந்த அந்த உப்புகளையும் கலங்களுக்குள் இழுத்துவிடும். இதயத் துடிப்பு தவறும், மூச்சுத் தசை தளரும். பட்டினி கிடந்தவர் சாப்பாடு கிடைத்த பிறகு மரணிப்பது இப்படித்தான். முன்கூட்டிக் கொடுத்த ஊசி தயமின், அதாவது விற்றமின் பி1. குளுக்கோஸை எரிக்க உடம்புக்கு அது வேண்டும். மாமாவுக்கு மூன்றாம் நாள் பொஸ்பேற்று குறைந்ததைக் கண்டு வேறாக ஏற்றினார்கள். இந்த ஆபத்து நாளத்துக்கு மட்டும் உரியதல்ல, குழாயாலும் வாயாலும் கூட வரும். நீண்ட நாள் சாப்பிடாத ஒருவருக்குப் பாசத்தில் அள்ளி ஊட்டுவதற்கு முன் இதை நினையுங்கள்.

பதினோராம் நாள் வேறொன்று நடந்தது. புதுப் பையை மாட்டி ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, மாமா "குளிருது, போர்வை தா" என்றார். கட்டில் கிறுகிறுக்கிற அளவுக்கு நடுக்கம், பிறகு 39 பாகை காய்ச்சல். பையை மாட்டியவுடன் வரும் நடுக்கம் குழாயில் கிருமி ஏறியதற்கான அடையாளம் என்று அங்கிருந்த மிஸ் உடனே ஓடினா. குழாயைக் கழற்றி, இரத்தத்தைச் சோதனைக்கு அனுப்பி, மருந்து தொடங்கி, இரண்டு நாளுக்குப் பிறகு வேறு இடத்தில் புதுக் குழாய். நாளத்தால் உணவு கொடுப்பதன் மிகப் பெரிய பயமே இதுதான். இதயத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவைத் திறந்து வைத்து, அதனூடாகச் சீனியும் கொழுப்பும் அனுப்புகிறோம். கிருமிக்கும் அது விருந்து. இரத்தச் சீனி ஏறுவது, நாள் போகப் போக ஈரல் பாதிக்கப்படுவது எல்லாம் அதற்கு மேலே. மாமாவுக்கு மொத்தம் பத்தொன்பது நாள் ஓடியது. கசிவு மூடியதும் கொஞ்சம் கொஞ்சமாக வாயால் தொடங்கி, அல்ஹம்துலில்லாஹ், பையைக் கழற்றினார்கள். ஒரு நாள் கூட அதை வசதிக்காக நீட்டவில்லை.

இனி வாப்பா. குழாயோடுதான் வீட்டுக்கு அனுப்பினார்கள், அதனால் இந்தக் கதை எங்கள் கையில் நடந்தது. பிழைகளும் எங்களுடையவை.

முதல் விஷயம் சாப்பாடு. பாமசியில் டின்கள் வரிசையாக இருக்கும், எல்லாமே ஒன்று மாதிரித் தெரியும். சாதாரண வகையில் புரதம் முழுசாக இருக்கும், சொன்னபடி கரைத்தால் ஒரு மில்லிலீற்றருக்கு ஒரு கலோரி. பெரும்பாலானவர்களுக்கு அது போதும். சீனி வருத்தக்காரருக்கு மாப்பொருளைக் குறைத்து, மெதுவாகச் சமிக்கும் வகையில் செய்த டின் இருக்கிறது. சிறுநீரக நோயாளிக்குப் பொட்டாசியமும் பொஸ்பரசும் தண்ணீரும் குறைந்தது. குடல் பலவீனமானவருக்குப் புரதத்தை முன்கூட்டியே துண்டாக்கியது. விலை கூடியதுதான் சத்துக் கூடியது என்று நினைத்து மாற்றிவிடாதீர்கள். சிறுநீரக டின்னைச் சும்மா ஒருவருக்குக் கொடுப்பது அவருக்கு வேண்டிய உப்பைப் பறிப்பதாகும். வாப்பாவுக்குச் சீனி இருந்ததால் இரண்டாவது வகை எழுதிக் கொடுத்தார்கள்.

கணக்கு இப்படி: காலை 6 மணியிலிருந்து மூன்று மணித்தியாலத்துக்கு ஒரு தடவை, இரவு 9 வரை ஆறு வேளை, வேளைக்கு 250 மில்லி. மொத்தம் 1500. ஒவ்வொரு வேளைக்கும் முன்னும் பின்னும் 30 மில்லி கொதித்தாறிய தண்ணீர் குழாயைக் கழுவ. பெரிய சிரிஞ்சின் தண்டைக் கழற்றிவிட்டு, புனல் மாதிரிப் பிடித்து, தானாக இறங்க விட வேண்டும். அமுக்கித் தள்ளக் கூடாது. 250 மில்லி இறங்கப் பதினைந்து இருபது நிமிடம் எடுக்கும்.

சொல்லும்போது லேசு. 400 கிராம் டின் ஒன்று ஒரு நாளைக்குக் கொஞ்சம் கூடத்தான் வரும். மாதத்துக்கு இருபத்தாறு டின். ஆசிரியச் சம்பளத்துக்கு அது என்ன என்று உங்களுக்குத் தெரியும். இரண்டாம் கிழமை நானாவுக்கு ஒரு யோசனை வந்தது: கரண்டி குறைத்துப் போட்டுத் தண்ணீரைக் கூட்டினால் டின் நின்று பிடிக்குமே. வயிறு நிரம்புவது மாதிரித் தெரியும், ஆனால் 250 மில்லியில் 250 கலோரி இருக்காது. கிளினிக்கில் நிறுத்தபோது இரண்டு கிலோ குறைந்திருந்தது. உண்மையைச் சொன்னோம். அங்கிருந்தவர்கள் ஏசவில்லை. மூன்று வேளை டின், மூன்று வேளை வீட்டில் அரைத்தது என்று மாற்றி எழுதித் தந்தார்கள். சோறு, பருப்பு, அவித்த கோழி, கரட், ஒரு கரண்டி எண்ணெய், எல்லாம் அளவோடு. காசு இல்லை என்று கிளினிக்கில் சொல்வதற்கு வெட்கப்படாதீர்கள். சொல்லாமல் தண்ணீர் ஊற்றுவதுதான் பிழை.

வீட்டுச் சாப்பாட்டுக்கும் அதன் தொல்லை உண்டு. குழாயின் துவாரம் ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ரோவை விடச் சின்னது. மிக்சியில் அடித்தால் மட்டும் போதாது, நல்ல வடியில் இரண்டு தடவை வடிக்க வேண்டும். நோன்பு காலத்தில் உம்மா, "இவர் கஞ்சி இல்லாம ஒரு நோன்பும் திறந்ததில்ல" என்று அழுது, நோன்புக் கஞ்சியை அரைத்து வடித்துத் தந்தா. எங்களாலும் மறுக்க முடியவில்லை. அரைவாசி போனது, பிறகு நின்றுவிட்டது. வெந்தய உமி வடியைத் தாண்டியிருந்தது, கஞ்சியும் ஆறி இறுகிவிட்டது. இளஞ்சூட்டுத் தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகத் தள்ளி, இழுத்து, தள்ளி, முக்கால் மணித்தியாலத்தில் விட்டது. சோடா ஊற்றச் சொல்லி ஒரு உறவினர் சொன்னார், செய்ய வேண்டாம். அது குழாயில் இருக்கிற புரதத்தை இன்னும் இறுக்கிவிடும். கம்பி விட்டுக் குத்தவும் வேண்டாம். அடைப்புக்கு இன்னொரு பெரிய காரணம் குளிசை. தூளாக்கித் தண்ணீரில் கரைத்து, ஒவ்வொன்றாகக் கொடுத்து, இடையில் தண்ணீர் விட வேண்டும். மெதுவாகக் கரையும்படி செய்த குளிசைகளை உடைக்கவே கூடாது, ஒரு நாள் மருந்து ஒரே நிமிடத்தில் இறங்கிவிடும். எவை அப்படிப்பட்டவை என்று பாமசியில் கேளுங்கள்.

நம்ம ஊர் சூட்டில் கரைத்தது நான்கு மணித்தியாலத்துக்கு மேலும், வீட்டில் அரைத்தது இரண்டு மணித்தியாலத்துக்கு மேலும் வெளியே இருக்கக் கூடாது. வயிற்றோட்டம் வந்தால் எல்லோரும் டின்னைக் குற்றம் சொல்வோம். பெரும்பாலும் குற்றவாளி வேறு: அன்டிபயோடிக், இனிப்புச் சேர்த்த திரவ மருந்து, அல்லது கழுவாத கை.

இனி எங்களைக் கொல்லாமல் கொன்ற விஷயம்.

வார்ட்டில் திரும்பத் திரும்பச் சொன்னார்கள், தலைப் பக்கம் உயர்ந்திருக்க வேண்டும், 30 பாகைக்குக் குறையக் கூடாது, சாப்பாடு முடிந்தும் ஒரு மணித்தியாலம் அப்படியே. வீட்டில் ஆஸ்பத்திரிக் கட்டில் இல்லை. ஆனால் கொலன்னாவை வீட்டில் செங்கல்லுக்குப் பஞ்சமா? 2016 வெள்ளத்தில் பிரிட்ஜையும் அலுமாரியையும் தூக்கி வைத்த கற்கள் பின்பக்கம் அடுக்கி இருந்தன. கட்டிலின் தலைக்கால்களுக்கு இரண்டு இரண்டு கல் வைத்தோம். பார்க்க நல்ல சரிவு. திருப்தி.

மூன்றாம் கிழமை ஒரு வெள்ளிக்கிழமை பகல் வேளை. கொடுத்து முடித்து ஐந்து நிமிடத்தில் வாப்பா இருமினார், வாயோரம் வெள்ளையாகக் கொஞ்சம் வந்தது. துடைத்துவிட்டோம். மாலையில் மூச்சு வேகமாக இருந்தது. அடுத்த நாள் காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு. இரைப்பையில் இருந்தது மேலே வந்து சுவாசப்பைக்குள் போயிருந்தது. வலது பக்கக் கீழ்ப்பகுதியில் நியூமோனியா. எட்டு நாள் ஆஸ்பத்திரி, அதில் இரண்டு நாள் ஒன்றும் சொல்ல முடியாது என்றார்கள்.

அங்கே தாதி ஒருவர் கேட்டா, "வீட்டில எத்தனை பாகையில வச்சிருந்தீங்க?" முப்பது என்று சொன்னோம். வீட்டுக்கு வந்து, மனது கேட்காமல், அளந்தோம். இரண்டு கல்லின் உயரம் 15 சென்ரிமீற்றர். கட்டிலின் நீளம் 190. ஒன்பதாம் தரப் பிள்ளைக்கும் தெரிந்த முக்கோணம்: ஐந்து பாகை கூட வரவில்லை. 30 பாகைக்கு அந்தக் கட்டிலின் தலையை 95 சென்ரிமீற்றர் தூக்கியிருக்க வேண்டும். தினமும் பாகைமானியோடு வகுப்புக்குப் போகிற வீட்டில் அதை வாப்பாவின் முதுகுக்கு வைத்துப் பார்க்க ஒருவருக்கும் தோன்றவில்லை.

கட்டிலைத் தூக்குவதல்ல, இடுப்பிலிருந்து முதுகை நிமிர்த்துவதுதான் வழி. தச்சர் ஒருவரிடம் சாய்மானப் பலகை ஒன்று அடித்தோம், மெத்தைக்கும் முதுகுக்கும் இடையில் வைக்க, 45 பாகையில். முழங்காலுக்குக் கீழே ஒரு தலையணை, இல்லாவிட்டால் ஆள் சறுக்கிக் கீழே வந்துவிடுவார், கோணமும் போய்விடும்.

இன்னொன்றையும் பார்க்கத் தொடங்கினோம். குழாய் சரியான இடத்தில்தான் இருக்கிறதா? முதல் தடவை போட்டபோது எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். அதன் பிறகு இருமலிலும் தும்மலிலும் நகரலாம். மூக்கு விளிம்பில் குழாயில் எந்த இலக்கம் நிற்கிறதோ அதை எழுதி வைத்து, ஒவ்வொரு வேளைக்கும் முன் பாருங்கள். வாப்பாவுக்கு 56. ஒருநாள் 62 நின்றது, அன்று கொடுக்காமல் கூட்டிக்கொண்டு போனோம். சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்து, வருவதை அமிலக் கடதாசியில் வைத்தால் 5.5 அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். இரைப்பை அமிலத்தைக் குறைக்கும் குளிசை எடுப்பவர்களுக்கு இது கூடக் காட்டலாம், அப்போதும் சந்தேகத்தில் கொடுக்காமல் கேட்பதுதான் சரி. காற்றை ஊதி வயிற்றில் சத்தம் கேட்டுப் பார்க்கும் பழைய முறையை நம்ப வேண்டாம். குழாய் சுவாசப்பையில் இருந்தாலும் அதே சத்தம் கேட்கலாம். இங்கிலாந்தில் 2005இலேயே அதை நிறுத்தச் சொல்லி அறிவித்தார்கள்.

இத்தனைக்குப் பிறகும் குழாய் நியூமோனியாவை முழுசாகத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். விழுங்க முடியாதவர் தன் எச்சிலையே சுவாசப்பைக்குள் விடலாம். வாயால் சாப்பிடாவிட்டாலும் தினமும் பல் துலக்கி, வாய் துடைப்பது அதனால்தான். அதே மாதிரி, யாரும் பார்க்காத நேரம் ஒரு கரண்டி பிளேன்டீ ஊட்டுவதும் வேண்டாம். யார் ஊட்டினார்கள் என்று இங்கே எழுத மாட்டோம், அவவும் இதை வாசிப்பா.

மூக்குக் குழாய் நான்கு, ஆறு கிழமைக்கு உரியது. அதற்கு மேலும் தேவை என்றால் வயிற்றுத் தோலூடாக நேரே இரைப்பைக்குள் குழாய் வைப்பார்கள். சின்ன வேலைதான், மூக்குப் புண்ணும் இல்லை, சட்டைக்குள் மறைந்துவிடும். வாப்பாவுக்கு அதற்குத் திகதி கூடக் கொடுத்திருந்தார்கள். ஆனால் விழுங்குவதைப் பரிசோதிக்கும் ஸ்பீச் தெரபிஸ்ட் ஆறாம் கிழமை கெட்டியான தயிர்ப் பதத்தில் ஒரு கரண்டி கொடுத்துப் பார்த்தா. இருமல் இல்லை. தண்ணீருக்கு இருமினார், தயிர்ப் பதத்துக்கு இல்லை. அப்படித் தொடங்கி, குழாயும் வாயும் சேர்ந்து இரண்டு கிழமை போனது. வாயால் போவது போதும் என்றானதும் குழாயைக் கழற்றினார்கள். இப்போதும் தண்ணீருக்குக் கெட்டிப் பவுடர் கலந்துதான் கொடுக்கிறோம்.

சாய்மானப் பலகை வீட்டில் சும்மா இருக்கிறது. சீனி வருத்தக்காரருக்கான டின் நான்கு, உடைக்காதது, திகதி முடியவில்லை. உங்கள் வீட்டு ஆளுக்கு அந்த வகைதான் எழுதியிருக்கிறார்கள் என்றால் இன்பொக்ஸில் சொல்லுங்கள், மஃரிபுக்குப் பிறகு வந்து எடுத்துக்கொண்டு போகலாம். பலகை யாருக்கும் தருவோம். திருப்பித் தந்தால் போதும்.